கையெழுத்து கொள்முதல் பில்களை வாரம் ஒருமுறை டாலியில் ஏற்றுவது: மூன்று எண்களை வைத்துச் சரிபார்க்கும் முறை

சேலத்தில் மளிகைக்கடை நடத்துகிறவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும். வாரம் முழுக்க வந்த பில் எல்லாம் அதில் குத்தியிருக்கும். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் மொத்தக் கடைகளில் பலர் இப்போது கம்ப்யூட்டர் பில் போடுகிறார்கள். ஆனாலும் கார்பன் வைத்துக் கையால் எழுதித் தரும் புத்தகம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மங்கிப்போன கார்பன் காப்பி, பாதி தமிழ் பாதி ஆங்கிலம், எடை ஒரு பக்கம், விலை ஒரு பக்கம். இதை வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து டாலியில் ஏற்றுவது எப்படி, ஏற்றியது சரியா என்று பத்து நிமிடத்தில் எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சில கடைகளுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறவன். எடுத்துக்காட்டாகக் காட்டுவது அஸ்தம்பட்டி பக்கம் உள்ள ஒரு நடுத்தர மளிகைக்கடை. சரக்கு இருப்புக் கணக்கை அவர்கள் டாலியில் வைப்பதில்லை. தொகை, வரி, யாருக்கு எவ்வளவு பாக்கி, இவ்வளவுதான் வேண்டும். சரக்குவாரியாக ஏற்றுகிறவர்களுக்கும் சரிபார்க்கும் முறை இதேதான். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் பொருந்தும்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்: காகிதத்தைப் பிரிப்பது

கம்பியில் இருப்பதெல்லாம் பில் அல்ல. முதல் வேலை, மேசையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரிப்பது.

ஏற்ற வேண்டியவை ஒரு குவியல். இரண்டாவது, ஏற்றக் கூடாதவை: எடைச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, முக்கியமாகத் துண்டுச் சீட்டு. மொத்தக்கடையில் சரக்கு எடுக்கும்போது முதலில் ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய பில் சாயங்காலமோ மறுநாளோ வண்டியோடு வரும். இரண்டும் கம்பிக்குப் போய்விடும். தேதி ஒரு நாள் தள்ளியிருக்கும், தொகையில் கூலி மட்டும் கூடியிருக்கும், அதனால் பார்த்தவுடனே ஒரே சரக்கு என்று தோன்றாது. ஒரே கடையின் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடையை ஒப்பிட்டால்தான் பிடிபடும். அப்படிப் பிடித்ததைப் பில்லோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள். தூக்கிப் போட வேண்டாம், பிறகு எடையில் தகராறு வந்தால் உதவும்.

மூன்றாவது குவியல், சந்தேகமானவை: தொகை படிக்க முடியாதது, பில் எண் இல்லாதது, துண்டுச் சீட்டு மட்டும் இருந்து பில் வராதது. ஊகித்து ஏற்றுவதைவிட ஒரு வாரம் தள்ளிப்போவது மேல். ஒரு கவரில் போட்டு, அதன் மேலேயே யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் அடுத்த வாரம் அந்தக் காகிதத்தில் என்ன சந்தேகம் என்பதே மறந்துபோகும்.

அப்புறம் ஏற்ற வேண்டிய குவியலைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் வலது மேல் மூலையில் சிவப்புப் பேனாவில் உங்கள் எண்ணைப் போடுங்கள். 27ஆவது வாரம் என்றால் 27-1, 27-2 என்று. இந்த எண்ணைத்தான் பிறகு டாலியில் Narration பகுதியில் முதலில் அடிப்பீர்கள். காகிதத்திலிருந்து திரைக்கும், திரையிலிருந்து காகிதத்துக்கும் போவதற்கு இது போதும்.

ஒரு பில்லை எப்படிப் படிப்பது

லீ பஜார் பில் ஒன்றை அப்படியே தருகிறேன்:

```
து.ப   30 கி x 120     3,600
உ.ப   20 கி x 125     2,500
                      6,100
கூலி                      40
                      6,140
மு.பா                  4,275
                     10,415
```

துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, மூட்டை இறக்கிய கூலி. கடைசி இரண்டு வரிதான் புதிதாக ஏற்றுகிறவரைக் கவிழ்க்கும். மு.பா என்றால் முன்பாக்கி. போன தடவை சரக்கெடுத்ததில் கொடுக்க வேண்டியதை இந்தப் பில்லின் அடியிலேயே கூட்டி, வட்டம் போட்டுக் கொடுப்பது வியாபாரிகளின் பழக்கம். பெரிய எழுத்தில், வட்டத்துக்குள் இருப்பது 10,415 என்பதால் கை தானாக அதை அடித்துவிடும். ஆனால் 4,275 போன வாரமே கொள்முதலாக ஏறிவிட்டது. இந்தப் பில்லின் தொகை 6,140 மட்டும்தான். சரக்கு 6,100 கொள்முதல் லெட்ஜரிலும், 40 கூலி லெட்ஜரிலும் போகும்.

அதற்காக முன்பாக்கியைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. வியாபாரி தன் பேரேட்டைப் பார்த்து எழுதிய எண் அது. அவர் கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று அவரே சும்மா அனுப்பிய தகவல். பில் ஏற்றும் முன் டாலியில் அவர் லெட்ஜரைத் திறந்து, அந்தத் தேதிக்கு முந்தைய பாக்கியைப் பாருங்கள். 4,275 என்று இருந்தால் பில்லில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு டிக். அதைவிடக் குறைவாக இருந்தால் ஏதோ ஒரு பழைய பில் உங்கள் கைக்கு வரவில்லை, அல்லது நீங்கள் பணம் கொடுத்தது அவர் பேரேட்டில் ஏறவில்லை. அதிகமாக இருந்தால் ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றியிருக்கலாம், அல்லது முதலாளி கல்லாவிலிருந்து கொடுத்த பணம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரும்பாலும் இந்தக் கடைசிக் காரணம்தான். "செவ்வாய்க்கிழமை பையன் வந்தான் தம்பி, ரெண்டாயிரம் குடுத்தேன், சொல்ல மறந்துட்டேன்" என்பார்.

எழுத்து விஷயத்தில் சில எண்களை எப்போதும் சந்தேகப்பட வேண்டும். 1உம் 7உம், 4உம் 9உம், கார்பன் காப்பியில் 3உம் 8உம் கலந்துபோகும். தொகைக்குப் பின்னால் போடும் கோடு இன்னொரு தொல்லை. 450/- என்று எழுதியது மங்கலான காப்பியில் 4501 போலத் தெரியும். நல்ல வேளையாக, எடையை விலையால் பெருக்கிப் பார்த்தால் எது சரி என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு வரியையும் பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை. எண் தெளிவில்லாத வரியையும், பில்லின் அடிக்கூட்டலையும் மட்டும் பார்த்தால் போதும். கூட்டல் தப்பாக இருந்தால் நீங்களே திருத்தி ஏற்றாதீர்கள். வியாபாரி தப்பான தொகையைத்தான் தன் கணக்கிலும் ஏற்றியிருப்பார். அது சந்தேகக் கவருக்குப் போகட்டும்.

வரி உள்ள பில், வரி இல்லாத பில்

மேலே உள்ள பருப்பு பில்லில் வரி இல்லை. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையிலிருந்து உதிரியாக வரும் பருப்பு, அரிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. லேபிள் ஒட்டி 25 கிலோவோ அதற்குக் குறைவாகவோ கட்டி வந்தால் 5 சதவீதம். 26 கிலோ அரிசிச் சிப்பம் சந்தையில் இவ்வளவு புழங்குவது இதனால்தான். எண்ணெய், நெய், சர்க்கரை எல்லாம் 5 சதவீதம். துணி சோப்புத்தூள் போன்றவை 18.

வரி உள்ள பில்லில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, விற்றவரின் ஜிஎஸ்டி எண். 15 எழுத்து இருக்கும், தமிழ்நாட்டுக்காரர் என்றால் 33 என்று தொடங்கும். இரண்டாவது, உங்கள் கடையின் எண் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்பது. இல்லாவிட்டால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. கையால் எழுதும் பில்லில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். மூன்றாவது, சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் சமமாக இருக்கிறதா என்பது. நெய் 8,400 ரூபாய்க்கு வாங்கினால் 210, 210, மொத்தம் 8,820.

பில்லின் தலையில் 'காம்போசிஷன்' என்று அச்சடித்திருந்தால் அவர் வரி வசூலிக்கக் கூடாதவர். முழுத் தொகையும் கொள்முதல், உள்ளீட்டு வரி எதுவும் கிடையாது.

ஏற்காட்டிலிருந்து மிளகு கொண்டுவந்து போடும் விவசாயியிடம் பில்லே இருக்காது. தன் தோட்டத்து விளைச்சலை விற்கும் விவசாயி ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதில்லை. கடைக்காரர்தான் ஒரு கொள்முதல் சீட்டு எழுத வேண்டும்: பெயர், ஊர், எடை, விலை, தொகை, அவர் கையெழுத்து. அதற்கும் சிவப்பு எண் போட்டு மற்ற பில்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று எண்கள்

இப்போது கால்குலேட்டரை எடுத்து, குவியலில் உள்ள பில்களின் தொகையைக் கூட்டுங்கள். முன்பாக்கி சேராத தொகை. படித்துப் பார்த்த கையோடு அந்தத் தொகையைச் சிவப்புப் பேனாவில் சுழித்து வைத்திருந்தால் கூட்டுவது சுலபம். பிறகு சிஜிஎஸ்டியைத் தனியாகக் கூட்டுங்கள். எஸ்ஜிஎஸ்டியும் அதே அளவுதான் வரும். ஒரு நோட்டில் மூன்று எண் எழுதுங்கள்: பில் எண்ணிக்கை, மொத்தத் தொகை, சிஜிஎஸ்டி.

நம் கடையில் அந்த வாரம் கம்பியில் 23 காகிதம். துண்டுச் சீட்டு 2, எடைச் சீட்டு 1, ரசீது 1 போக 19 பில். மொத்தம் 1,86,412. சிஜிஎஸ்டி 2,614.

அடுத்தது டாலியில் ஒரு பில்கூட ஏற்றும் முன் செய்ய வேண்டியது. Display More Reports வழியாக Trial Balance திறந்து, `Alt+F2` அழுத்திக் காலத்தை நிதியாண்டு முழுவதற்கும், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, வையுங்கள். Sundry Creditors குழுவின் பாக்கியை நோட்டில் எழுதுங்கள். உள்ளீட்டு சிஜிஎஸ்டி லெட்ஜரின் பாக்கியையும் எழுதுங்கள். அன்றைக்கு 4,12,350உம் 11,306உம் இருந்தன.

இந்த முறையின் மையம் இவ்வளவுதான்: பில்களை மட்டும் ஏற்றினால், Sundry Creditors பாக்கி, அதாவது வியாபாரிகளுக்கு நாம் தர வேண்டியது, சரியாகப் பில்களின் மொத்தத் தொகை அளவுக்குக் கூட வேண்டும். ஆக முடிவில் 5,98,762 வர வேண்டும். சிஜிஎஸ்டி 13,920 ஆக வேண்டும்.

இது நடக்க இரண்டு ஒழுங்கு தேவை. ஏற்றும் நேரத்தில் பணம் கொடுத்த பதிவுகளைக் கலக்கக் கூடாது. அவற்றைச் சரிபார்த்து முடித்தபிறகு `F5`இல் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். ரொக்கமாக வாங்கிய பில்லையும் நேரே ரொக்க லெட்ஜரில் போடாமல், முதலில் அந்த வியாபாரி பெயரில் கடனாக ஏற்றி, பிறகு பணம் கொடுத்ததாகப் பதிய வேண்டும். இரண்டு பதிவு ஆகிறதே என்று அலுப்பாக இருக்கும். ஆனால் ஒரே வியாபாரிக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் போயிருக்கிறதா என்று பார்க்க அந்த லெட்ஜரே போதும். அப்படிப் போனால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க விடமாட்டார்கள். விளைச்சலை நேரடியாக விற்கும் விவசாயிக்குக் கொடுப்பதற்கு இதில் விலக்கு உண்டு.

ஏற்றுவது

Vouchers திறந்து `F9`. முறை Accounting Invoice ஆக இல்லாவிட்டால் `Ctrl+H` அழுத்தி மாற்றுங்கள். `F2`இல் பில் தேதி. Supplier Invoice No. இடத்தில் பில் எண்ணைக் காகிதத்தில் உள்ளபடியே அடியுங்கள். A/142 என்று இருந்தால் A/142தான், வெறும் 142 அல்ல. வியாபாரி தன் கணக்கைத் தாக்கல் செய்தபின் மாதத்தின் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் உங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி வரும். அதோடு ஒப்பிடும்போது இந்த எண்தான் பிடி.

வியாபாரி பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் வேண்டும். ஸ்ரீ என்று தொடங்கும் கடைகள் செவ்வாய்ப்பேட்டையில் எத்தனை என்று கேட்காதீர்கள். லெட்ஜர் பெயரோடு தெருவையும் சேர்த்து வைத்தால் பாதிக் குழப்பம் போகும். பிறகு கொள்முதல் லெட்ஜர், தொகை, கூலி இருந்தால் அது, வரி லெட்ஜர்கள். கொள்முதலை வரி இல்லாதது, 5, 18 என்று மூன்று லெட்ஜராக வைத்திருப்பது நல்லது. சில்லறை வித்தியாசத்துக்கு Round Off லெட்ஜர். திரையில் வரும் மொத்தம் காகிதத்தில் சுழித்த தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, Narrationஇல் 27-1 என்று அடித்து `Ctrl+A`. பில்லில் டிக் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்காத பில் ஏறாத பில். நடுவில் ஆள் வந்து எழுந்து போனாலும் எங்கே விட்டோம் என்பது தெரியும்.

வித்தியாசம் வந்தால்

ஏற்றி முடித்துக் கவிழ்த்த பில்களை எண்ணினோம், 19 சரியாக இருந்தது. பிறகு Trial Balance பார்த்தோம். சிஜிஎஸ்டி 13,920, சரியாக இருந்தது. ஆனால் Sundry Creditors பாக்கி 5,98,762க்குப் பதிலாக 6,05,062. 6,300 கூடுதல்.

உடனே முதல் பில்லிலிருந்து தேட ஆரம்பிக்காதீர்கள். எண்ணே பாதி வழி சொல்லும். முதலில், 6,300க்கு ஒரு பில் இருக்கிறதா? இருந்தால் அது இரண்டு முறை ஏறியிருக்கும். இல்லை. அடுத்து, 6,300 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதா? வகுபடுகிறது, 700. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஒரு சைபர் கூடினாலும் குறைந்தாலும் அப்படித்தான்: 4,500ஐ 450 என்று அடித்தால் 4,050 குறையும். எங்கள் கணக்கில் 6,300 என்பது 900 பெருக்கல் 7. அதாவது ஆயிரம் இடமும் நூறு இடமும் மாறியிருந்தால், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் 7 இருக்க வேண்டும்: 18, 29 போல.

இன்னொரு துப்பு, சிஜிஎஸ்டி சரியாக இருப்பது. வரி லெட்ஜரில் தொகையை டாலியே கணக்கிடும்படி வைத்திருந்ததால், வரி உள்ள சரக்கின் தொகை தப்பியிருந்தால் வரியும் தப்பியிருக்கும். ஆக தப்பு வரி இல்லாத பில்லில்தான். 19இல் அப்படிப்பட்டவை 5. அந்த ஐந்தை மட்டும் எடுத்தோம். ஒன்று 1,840. திரையில் 8,140. கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஒன்பதால் வகுபடாத வித்தியாசம் என்றால் பெரும்பாலும் ஒரு பில் விட்டுப்போனது, ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தது, அல்லது முன்பாக்கியைச் சேர்த்துவிட்டது. முன்பாக்கி சேர்ந்தது எளிதில் தெரியும், வித்தியாசத் தொகை ஏதோ ஒரு பில்லின் அடியிலேயே மு.பா என்று எழுதியிருக்கும். சில பைசா வித்தியாசம் ரவுண்ட் ஆஃப் விவகாரம், அதற்காக மண்டையை உடைக்க வேண்டாம். முழு பில்லே குறைந்து, ஆனால் ஏற்றியது நன்றாக நினைவிருக்கிறது என்றால் ஆண்டைக் கூட்டி அடித்திருப்பீர்கள். அது அடுத்த நிதியாண்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கும்.

மூன்று எண்களுக்கும் தப்பிக்கும் தப்புகள்

மொத்தம் சரியாக வந்துவிட்டது என்றாலும் இரண்டு தப்புகள் உள்ளே இருக்கலாம். ஒருவர் பில்லை இன்னொருவர் பெயரில் ஏற்றியிருந்தால் Sundry Creditors மொத்தம் மாறாது. நிதியாண்டுக்குள்ளேயோ முந்தைய நிதியாண்டுக்கோ தேதி மாறியிருந்தாலும் மாறாது, ஜூலை பில் ஜூனில் போய்விட்டால் மொத்தத்தில் ஒன்றும் தெரியாது. அப்புறம் மாதக் கணக்கில்தான் இடிக்கும்.

இதற்கு ஒரே வழி வாசித்துப் பார்ப்பது. Day Book திறந்து, குவியலின் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை காலத்தை வைத்து, `F12`இல் Narration தெரியும்படி செய்யுங்கள். பில்களை வேறொருவர் கையில் கொடுங்கள். கடையில் யாராவது ஒருவர் போதும், கணக்குத் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் திரையைப் பார்த்து "27-6, தேதி 9, இந்தக் கடை, 6,140" என்று வாசிக்க வேண்டும். அவர் பில்லைப் பார்த்து சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். ஏற்றியவரே இரண்டையும் பார்த்தால் கண் தான் அடித்ததைத்தான் காகிதத்திலும் படிக்கும். 19 பில்லுக்கு ஐந்து நிமிடம் ஆகும். தேதி தப்பியது இந்தப் பட்டியலில் வராமலே போகும், அப்போது 27-6க்கு அடுத்து 27-8 வந்து நிற்கும். சிவப்பு எண்ணின் பயன் அங்கேதான்.

ஒரே பில் வேறு வேறு வாரத்தில் இரண்டு முறை ஏறுவதும் நடக்கும். வியாபாரி முதல் காப்பியை ஒரு நாளும், கேட்டபோது இரண்டாவது காப்பியை இன்னொரு நாளும் கொடுத்திருப்பார். அந்தந்த வாரத்தில் மூன்று எண்களும் ஒத்துப்போகும். முன்பாக்கியைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அடுத்த பில்லிலேயே பிடிபடும். முன்பாக்கி எழுதாத வியாபாரிகளுக்கு, ஏற்றும் முன் அவர் லெட்ஜரில் அதே பில் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

சரக்கைத் திருப்பி அனுப்பி, பில்லிலேயே ஒரு வரியை அடித்துவிட்டுத் தொகையைக் குறைத்திருந்தால், இரண்டு பிரதியிலும் அடித்திருக்கிறதா என்று வியாபாரியிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். அவர் முழுத் தொகைக்கே தாக்கல் செய்துவிட்டிருந்தால், முழு பில்லை ஏற்றித் திருப்பியதற்குத் தனியாக `Alt+F5`இல் டெபிட் நோட் போட வேண்டும்.

முடித்தபின்

மூன்று எண்களும் ஒத்துப்போனதும் நோட்டில் அந்த வாரத்துக்கு எதிரே கையெழுத்துப் போட்டு, `Alt+Y` வழியாக பென்டிரைவில் பேக்கப் எடுங்கள். அதற்குப் பிறகு பணம் கொடுத்த பதிவுகளைப் போடலாம். பில்களைச் சிவப்பு எண் வரிசையில் கட்டி, மேலே வார எண்ணும் மொத்தத் தொகையும் எழுதிய அட்டை வையுங்கள். வெப்பக் காகிதத்தில் அச்சான பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துச் சேருங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் இந்தக் கட்டுகளை வைத்திருக்க வேண்டும். ஆகவே கரையான் வராத இடமாகப் பார்த்து, சிமென்ட் ஸ்லாபின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள், மாவு மூட்டைக்குப் பின்னால் வேண்டாம்.

சந்தேகக் கவரை அடுத்த வாரம் முதலில் திறக்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் தீராத காகிதம் இருந்தால் முதலாளியிடம் கொடுத்து, அவர் பஜாருக்குப் போகும் நாளில் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். வியாபாரி முகத்துக்கு நேரே நீட்டினால்தான் அவர் புத்தகத்தைத் திறப்பார், போனில் கேட்டால் "பாத்துச் சொல்றேங்க" என்பதோடு நிற்கும்.